போனஸ் வந்தும் தீராத கார்டு பாக்கி: என் சிறுகதையில் கணக்குச் சரிதானா?

மைக்கூடு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை எழுதி முடித்திருக்கிறேன். முதல் வேலையில் இருக்கும் இளம் எழுத்தர் ஒருவனின் கதை. படித்த நண்பர் ஒருவர், "எல்லாம் சரி, கடைசிப் பத்திதான் நம்பும்படி இல்லை. முழுப் பாக்கியையும் கட்டியவனுக்கு மறுபடி எப்படிப் பில் வரும்?" என்று கேட்டார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நடுப்பகுதியையும் முடிவையும் கீழே தருகிறேன். கதையில் கார்டின் ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி வரும், கட்டக் கடைசி நாள் 25. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். வட்டி, நாளுக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

> பதினைந்தாம் தேதி காலை கதிரின் போன் மேசைமேல் அதிர்ந்தது. போனஸ், 45,000. எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவருக்கும் வந்திருக்க வேண்டும்.
>
> கதிர் இழுப்பறையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தான். இடப்பக்கம் கார்டில் செலவழித்தது, வலப்பக்கம் கட்டியது. இடப்பக்கத்தின் முதல் வரி 40,000. தங்கையின் படிப்புக்கு வாங்கிய மடிக்கணினி. அதன் கீழே மாதம் 2,000 வீதம் ஒன்பது வரிகள். சம்பளம் வரும்வரை தாங்காத நாட்களின் செலவு. வலப்பக்கம் கட்டியவை ஒன்பது. 2,000-ல் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி 2,475-ல் நின்றன. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, ஒரு நாள்கூடத் தாமதமில்லை.
>
> 58,000-ல் 20,260 போனால் 37,740. போனஸில் 7,260 மிஞ்சும். அம்மாவின் கண்ணாடிக்கு அது போதும். ஒரு பக்கக் கால் உடைந்து, நூல் கட்டி, அந்த நூலும் அழுக்கேறிப்போன கண்ணாடி.
>
> ஒன்பது மாதமாகக் குறுஞ்செய்தியில் வந்த தொகையைத்தான் கட்டிவந்தான். ஸ்டேட்மென்டைத் திறந்ததே இல்லை. அன்றுதான் திறந்தான். மொத்தப் பாக்கி 50,543. நோட்டை மூன்று தடவை கூட்டிப் பார்த்தான். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

இதற்குப் பிறகு 25-ம் தேதி 45,000 கட்டுகிறான். கார்டைத் தொடுவதில்லை. அடுத்த ஸ்டேட்மென்டில் 6,609 வருகிறது. சம்பளத்திலிருந்து அதையும் 25-ம் தேதி முழுதாகக் கட்டிவிடுகிறான். முடிவு இது:

> அடுத்த மாதம் 5-ம் தேதி மறுபடி செய்தி வந்தது. பாக்கி 132.

இந்த 132 வருமா, வராதா? மற்ற எண்களும் சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடைமழை

தம்பி, முதலில் மனதைத் தளரவிடாதே. எனக்கும் இந்த வயதில் இப்படி ஆனது. உடனே வங்கிக்குப் போய், மீதியைத் தவணையாக மாற்றித் தரச் சொல். கார்டு வட்டியைவிடத் தவணை வட்டி பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். அம்மாவுக்குக் கண்ணாடி முதலில் வாங்கிக் கொடு, அதைத் தள்ளிப்போடாதே.

மைக்கூடு

ஐயா, இது என் கதை இல்லை, நான் எழுதிய கதை. ஆனாலும் நீங்கள் சொன்னது நெஞ்சைத் தொட்டது. நன்றி.

நேர்கோடு

உங்கள் எண்கள் அதிகம் என்று நினைக்கிறேன். நான் ஆறு வருடமாகக் கார்டு வைத்திருக்கிறேன். மினிமம் கட்டிவிட்டால், கட்டாத மீதிக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாதம் 40,000-ல் 2,000 கட்டினான், ஆக 38,000-க்கு முப்பது நாள் வட்டி, 1,140. புதிதாக வாங்கிய 2,000-க்கு வட்டியே கிடையாது. புதிய செலவுக்கு நாற்பது ஐம்பது நாள் வரை வட்டியில்லா அவகாசம் உண்டு. அதற்காகத்தானே எல்லோரும் கார்டு வாங்குகிறோம்? அதனால் அவன் பாக்கி இவ்வளவு ஏறியிருக்காது. கடைசியில் வரும் 132-ஐ எடுத்துவிடுங்கள். முழுதாகக் கட்டியவனுக்குப் பூஜ்ஜியம்தான் வரும்.

பழைய லெட்ஜர்

கார்டு கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மைக்கூடு, உங்கள் கணக்குச் சரி. 132-ஐத் தொடாதீர்கள். கதையில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

நேர்கோடு சொன்னதில் ஒரு பாதி உண்மை. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கணக்கும் ஒழுங்கான கணக்காகவே பதிவாகும். வட்டி நிற்கும் என்று மட்டும் அதற்கு அர்த்தமில்லை. வட்டியில்லா நாட்கள் என்பது முழுப் பாக்கியையும் கடைசித் தேதிக்குள் கட்டுகிறவருக்குக் கொடுக்கும் சலுகை. ஒரு மாதம் முழுதாகக் கட்டாவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இரண்டு பக்கமாகப் போகும். பழைய செலவுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். புதிய செலவுக்கும், தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

கதிரின் முதல் மாதத்தைப் பார்ப்போம். மடிக்கணினியை ஸ்டேட்மென்டுக்குப் பத்து நாள் முன்னால், 26-ம் தேதி வாக்கில் வாங்கினான் என்று வைத்துக்கொள்கிறேன். 5-ம் தேதி பில்லில் வெறும் 40,000 மட்டும் வரும். வட்டி இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், முதல் பில் அவ்வளவு சுத்தமாக இருக்கும். 25-ம் தேதி 2,000 கட்டுகிறான். அதுவரை முப்பது நாள் கடனில் இருந்தது முழு 40,000. ஆயிரத்துக்கு ஒன்று வீதம் 1,200. அதற்குப் பிறகு பத்து நாள் 38,000, அதற்கு 380. நடுவில் அந்தப் புது 2,000-ஐ 10-ம் தேதி தேய்த்தான் என்று வைத்துக்கொண்டால், அதற்கு இருபத்தைந்து நாள், 50. மொத்தம் 1,630. நேர்கோடு சொன்ன 1,140 இல்லை. இரண்டாவது பில் 41,630 ஆகிவிடும்.

அதாவது 2,000 கட்டினான், 2,000 செலவழித்தான், பாக்கி அப்படியே இருக்கிறது என்று நினைக்கிறான். 1,630 ஏறியிருக்கிறது. அடுத்த மாதங்களில் அந்த முதல் பத்து நாள் வட்டி இருக்காது, அதனால் ஏற்றம் சுமார் 1,200-க்கு இறங்கும். ஒன்பதாவது மாதம் சுமார் 1,000. பத்தாவது பில் 50,543, நானும் போட்டுப் பார்த்தேன். ஒன்பது மாதத்தில் போன வட்டி மட்டும் 12,803. அவன் நோட்டில் இல்லாத தொகை அதுதான், 37,740-க்கும் 50,543-க்கும் இடையில் இருப்பது.

இனி ஒரு விஷயம், நீங்கள் தெரிந்தே எழுதினீர்களா என்று கேட்க ஆசை. அவன் நோட்டிலேயே உண்மை இருந்தது! மினிமம் 5 சதவீதம் என்றால், கட்டிய தொகையை இருபதால் பெருக்கினால் அந்த மாதப் பாக்கி வந்துவிடும். 2,475-ஐ இருபதால் பெருக்குங்கள், 49,500. வலப்பக்கம் மாதாமாதம் ஏறுகிறது என்பதே பாக்கி ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பிரிவுக்கு வரும் புகார்களில் பாதிப் பேர் இதைத்தான் காட்டுவார்கள், "நான் கூடக்கூடத்தானே கட்டியிருக்கிறேன்" என்று. கூடுதலாகக் கட்டியதாக நினைப்பார்கள். கேட்ட தொகை கூடியிருக்கும், அவ்வளவுதான்.

மைக்கூடு

உண்மையைச் சொல்கிறேன், அது தெரிந்து எழுதியதில்லை. கணக்கு போட்டபோது எண் ஏறியது, அப்படியே எழுதினேன். இப்போது அந்த வரியைப் படிக்கும்போது எனக்கே வலிக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் பதிவேட்டைச் சரிபார்க்கிறவன் அவன்.

வெண்மதி

132 வருமா என்று கேட்டீர்கள். வரும். எனக்கு வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்டில் பெரிய பாக்கி சேர்ந்து, நகையை விற்று ஒரே தடவையில் கட்டினேன். ஸ்டேட்மென்டில் என்ன இருந்ததோ அதைக் கடைசிக் காசுவரை கட்டினேன். கட்டிய அன்றைக்கே கார்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். சிப் இருக்கும் இடம் கெட்டியாக இருந்தது, இரண்டு தடவை அழுத்தி வெட்ட வேண்டியிருந்தது. அப்புறம் அந்தச் செயலியையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து வேறு இடத்தில் கடனுக்கு விண்ணப்பித்தபோது மறுத்தார்கள். விசாரித்தால், அந்தக் கார்டில் பணம் கட்டாத மாதங்கள் இருக்கிறதாம். கட்டிய நாள்வரையில் ஓடிய வட்டி அடுத்த பில்லில் வந்திருக்கிறது. கதிரின் 132-ஐவிடச் சிறிய தொகை. நான் பார்க்கவே இல்லை. அதற்குத் தாமதக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு மேல் அடுத்த தாமதக் கட்டணம். கடைசியில் கட்டியது தொடக்கத் தொகையைப் போலப் பல மடங்கு. பணம்கூடப் பரவாயில்லை, கடன் வரலாற்றில் விழுந்த அந்தக் கோடு போக நாளாயிற்று.

உங்கள் கதையில் அவன் அந்தச் செய்தியைப் பார்க்கிறான். பார்த்ததே நல்ல காலம்.

நேர்கோடு

வெண்மதி அக்கா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் இது எப்படி நியாயம்? பில்லில் போட்ட தொகையைத்தானே கட்டினீர்கள்?

பழைய லெட்ஜர்

பில் என்பது அந்த ஒரு நாளின் படம். 5-ம் தேதி எடுத்த படம். கதிர் 25-ம் தேதி கட்டுகிறான். நடுவில் இருபது நாள் அந்த 6,609 கடனாகவே இருந்தது. முந்தைய மாதம் முழுதாகக் கட்டாதவன் என்பதால் அவனுக்கு வட்டியில்லா நாள் இல்லை. 6,609-க்கு இருபது நாள் வட்டி 132. அது 5-ம் தேதி பில்லில் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அப்போது அந்த நாட்கள் இன்னும் வரவில்லை. நாங்கள் இதை வால் வட்டி என்று பேசிக்கொள்வோம். அந்த 132-ஐக் கட்டினால்தான் கணக்குப் பூஜ்ஜியமாகும். சில கார்டுகளில், அடுத்தடுத்து இரண்டு பில்களை முழுதாகக் கட்டிய பிறகுதான் வட்டியில்லா நாட்கள் திரும்பக் கிடைக்கும்.

தீர்த்துக்கட்ட நினைப்பவர், கட்டப்போகும் அன்றைக்கே போன் செய்து, இன்றைய தேதிக்கு முழுதாகத் தீர்க்க எவ்வளவு என்று கேட்க வேண்டும். பில்லில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். அதைக் கட்டிவிட்டு அடுத்த பில் வரும்வரை காத்திருந்து, பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

கதையில் இன்னொரு இடம். போனஸ் 15-ம் தேதி வருகிறது, அவன் 25-ம் தேதி கட்டுகிறான். அந்தப் பத்து நாளும் 45,000 வங்கிக் கணக்கில் சும்மா கிடக்கிறது. நாளுக்கு 45 வீதம் 450 போயிற்று. அன்றே கட்டியிருந்தால் அடுத்த பில் 6,159-தான். கடைசித் தேதிக்கு முன்னால் கட்டி என்ன பயன் என்று எல்லோரும் நினைப்பார்கள். முழுதாகக் கட்டுகிறவருக்குப் பயனில்லைதான், பாக்கி சுமப்பவருக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

தூரதேசன்

ஒரு சின்ன இடைச்செருகல். நான் அமெரிக்காவில் இருக்கிறேன். 2009-ல் இங்கே கார்டுகளுக்கு ஒரு சட்டம் வந்தது. சலுகையை இழந்தாலும், முந்தைய பில் காலத்து நாட்களுக்குப் பின்னோக்கிப் போய் வட்டி போடக் கூடாது, கடைசித் தேதிக்குள் கட்டிய பகுதிக்கும் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆகவே கதிர் இங்கே இருந்திருந்தால், முதல் மாதம் 38,000-க்கு முப்பது நாள், அதாவது நேர்கோடு சொன்ன 1,140. புதிய 2,000-க்கு மட்டும் தேய்த்த நாளிலிருந்து வட்டி உண்டு. வால் வட்டியும் உண்டு, எனக்கே வந்திருக்கிறது.

அதே சட்டப்படி, மினிமம் மட்டும் கட்டினால் எத்தனை வருடமாகும், மூன்று வருடத்தில் முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஸ்டேட்மென்டிலேயே அச்சிட வேண்டும். ஆனால் கதிரைப் போலக் குறுஞ்செய்தியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

பழைய லெட்ஜர்

நல்ல திருத்தம், நன்றி. நான் வேலை பார்த்த இடத்து வழக்கத்தைத்தான் எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன். நேர்கோடு, 1,140 ஒரு நாட்டில் சரிதான். மைக்கூடு, உங்கள் கதை எந்த ஊர் என்று சொல்லவில்லையே, அப்படியானால் இரண்டுமே பொருந்தும். முதல் மாத வித்தியாசத்தால் கடைசிப் பாக்கி சில நூறு குறையும், அவ்வளவுதான். மாதம் ஆயிரத்துக்கு மேல் ஏறுவது மாறாது.

நேர்கோடு

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் பழைய ஸ்டேட்மென்ட்களை எடுத்துப் பார்த்தேன். நான் எப்போதும் முழுதாகவே கட்டிவந்திருக்கிறேன், ஒரே ஒரு மாதம் தவிர. அந்த மாதத்துக்கு அடுத்த பில்லில் சிறு சிறு செலவுக்கெல்லாம் வட்டி இருக்கிறது. அப்போது கவனிக்கவே இல்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அவன் போனஸ் முழுவதையும் கார்டில் போட்டதே தவறு. கையில் ஒன்றும் வைக்காமல் 45,000-ஐயும் கொட்டினால், அடுத்த மாதம் யாருக்காவது காய்ச்சல் என்றால் மறுபடி அதே கார்டுதான். 5,000 எடுத்து வைத்திருக்க வேண்டும்.

பழைய லெட்ஜர்

5,000-ஐக் கையில் வைத்திருக்க மாதம் 150 வட்டி. கணக்குப்படி, முழுதும் கட்டிவிட்டு அவசரம் வந்தால் கார்டைத் தேய்ப்பதே மலிவு. அவசரம் வராத மாதங்களில் அந்த 150 மிச்சம்.

வெண்மதி

ஐயா, கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவசரத்துக்குத் தேய்த்த கை அத்தோடு நிற்பதில்லை. கார்டைத் தொடாமல் இருந்த நாட்கள்தான் என்னைக் காப்பாற்றின. கையில் கொஞ்சம் பணம் இருந்ததால்தான் தொடாமல் இருக்க முடிந்தது. மாதம் 150 அதற்கான விலை என்றால் நான் கொடுத்திருப்பேன். தவிர, பாக்கியைக் கட்டியதும் வங்கி வரம்பைக் குறைத்துவிட்டால்? அப்போது அவசரத்துக்குக் கார்டும் இருக்காது.

பழைய லெட்ஜர்

வரம்பைக் குறைப்பார்கள் என்பது உண்மை, பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு உறுதியான பதில் இல்லை.

அடைமழை

கதை என்று இப்போதுதான் சரியாகப் புரிந்தது, மன்னிக்கவும். கதையானாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அம்மாவின் கண்ணாடி என்ன ஆயிற்று?

மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. 132-ஐ எடுக்கப்போவதில்லை. 25-ம் தேதி கட்டுவதையும் மாற்றவில்லை, அந்தப் பத்து நாள் தாமதம் அவனுக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் பழைய லெட்ஜர் ஐயா சொன்ன இருபதால் பெருக்குவதை விட மனமில்லை. அதோடு முடிவை இப்படி நீட்டியிருக்கிறேன்:

> பாக்கி 132. கதிர் நோட்டை எடுத்தான். அடிமட்டத்தை வைத்து, இரண்டு பத்திகளுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டான். போனஸுக்கு முன் கட்டிய ஒன்பது தொகைகளையும் ஒவ்வொன்றாக இருபதால் பெருக்கி அந்தந்த மாதப் பாக்கியைக் கண்டுபிடித்தான். அதிலிருந்து ஒவ்வொரு மாத வட்டியையும் எடுத்து எழுதினான். இடம் போதாமல் எண்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. கடைசி வரியில் 132 என்று எழுதி, அன்றே கட்டினான்.
>
> வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் உட்கார்ந்து கண்ணாடிக்குப் புது நூல் கட்டிக்கொண்டிருந்தாள். "இங்கே கொடு" என்று வாங்கி, அவனே முடிச்சுப் போட்டான்.

அடைமழை ஐயா, கண்ணாடி அடுத்த சம்பளத்தில் வரும். கதைக்குள் அந்தச் சம்பளம் வரவில்லை.

பழைய லெட்ஜர்

இருபதால் பெருக்கும்போது முதல் மாதத்துக்கு 40,000 சரியாக வரும், மற்ற மாதங்களில் பத்து வரை முன்பின் ஆகும், ஏனென்றால் மினிமத்தை முழு எண்ணாக்கித்தான் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு மாத வட்டியும் அவனுக்குத் துல்லியமாக வராது. மாத வட்டிகளைக் கதையில் எண்ணாக எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.